சொட்டு எண்ணிக்கை சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்து மருத்துவமனைகளில் முதன்முதலாக வார்டு போஸ்டிங் போகும் முதலாமாண்டு நர்சிங் மாணவிகளும் மாணவர்களும் ட்ரிப் கணக்கில் திரும்பத் திரும்ப ஒரே நாலைந்து இடத்தில்தான் தடுக்குகிறார்கள். அந்த இடங்கள் இங்கே அறிகுறி வாரியாக இருக்கின்றன. உங்கள் சிக்கல் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிதில் சரிசெய்யக்கூடிய காரணம் முதலில் வரும். செலவும் சிரமமும் கூடிய காரணம் பிறகு வரும். எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும்.

கணக்கு ஒன்றுதான்:

நிமிடத்துக்குச் சொட்டு = (மி.லி. அளவு × செட்டின் சொட்டு எண்) ÷ நிமிடங்கள்

சொட்டு எண் என்பது அந்த ஐவி செட்டில் எத்தனை சொட்டு விழுந்தால் ஒரு மி.லி. ஆகும் என்பது. எடுத்துக்காட்டுக்கு ஒரே ஆர்டரைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். வயிற்றுப்போக்கோடு சேர்ந்த 68 வயது ஆச்சி ஒருவருக்கு டாக்டர் எழுதியிருப்பது: என்.எஸ். ஒரு பைண்ட், 4 மணி நேரத்தில். காலை 10 மணிக்குத் தொடங்குகிறது. கையில் இருப்பது சாதாரண செட், 20 சொட்டுக்கு ஒரு மி.லி.

பைண்ட் என்றால் இங்கே 500 மி.லி. பாட்டில். 500 × 20 = 10,000. நாலு மணி நேரம் என்றால் 240 நிமிடம். 10,000 ÷ 240 = 41.67. அரைச் சொட்டு விட முடியாது, ஆகவே 42.

முழு எண்ணாக்குவதைக் கடைசி வரியில் மட்டும் செய்யுங்கள். நடுவில் ஒரு முறையும் கடைசியில் ஒரு முறையும் என்று இரண்டு தடவை செய்தால் விடை நகர்ந்துவிடும்.

## அறிகுறி 1: விடை நம்பவே முடியாத அளவுக்குப் பெரிதாகவோ சிறிதாகவோ வருகிறது

2500 என்று வந்திருக்கிறதா? மணியை நிமிடமாக்காமல் 4-ஆல் வகுத்திருக்கிறீர்கள். 500 × 20 ÷ 4 = 2500. இதை 60-ஆல் வகுத்தால் 41.67 வந்துவிடும். ஆயிரத்தைத் தொடும் விடை எதைப் பார்த்தாலும் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

0.04 என்று வந்திருக்கிறதா? அளவை லிட்டரில் போட்டுவிட்டீர்கள். அரை லிட்டரை 0.5 என்று எழுதினால் இப்படித்தான் ஆகும். 500 என்று எழுதித் திரும்பப் போடுங்கள்.

125 என்று வந்திருக்கிறதா? கணக்கில் தப்பு இல்லை, 60 சொட்டு மைக்ரோ செட்டுக்குக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கையில் இருப்பது 20 சொட்டு செட் என்றால் விடை தவறு. உண்மையிலேயே மைக்ரோ செட்டைத்தான் மாட்டப் போகிறீர்கள் என்றால் விடை சரி, தேர்ந்தெடுத்த செட்தான் பொருந்தாது. நிமிடத்துக்கு 125 சொட்டைக் கண்ணால் எண்ணி நிறுத்துவது கஷ்டம். பெரியவர்களுக்கு இந்த வேகத்தில் போக 20 சொட்டு செட்தான் எடுக்க வேண்டும்.

133 என்று வந்து, செட்டும் 20 சொட்டுதானா? பதறாதீர்கள், இது சரியாகவே இருக்கலாம். பாராசிட்டமால் 100 மி.லி. பாட்டிலை 15 நிமிடத்தில் ஏற்றச் சொன்னால் 100 × 20 ÷ 15 = 133 தான் வரும். பெரிய விடை என்றாலே பிழை என்று நினைத்து, யாரையும் கேட்காமல் 60-க்குக் குறைத்துவிடும் மாணவிகள் உண்டு. அப்போது அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். 15 வினாடிக்கு 33 சொட்டு என்று எண்ணி வையுங்கள். கண் பிடிக்கவில்லை என்றால் ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்லி இருவருமாக எண்ணுங்கள்.

விடை நம்பக்கூடியதுதானா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. மணிக்கு எத்தனை மி.லி. என்று கண்டுபிடியுங்கள். நம் ஆச்சிக்கு 500 ÷ 4 = 125. 20 சொட்டு செட் என்றால் அதை 3-ஆல் வகுக்க வேண்டும், 15 சொட்டு செட் என்றால் 4-ஆல். 60 சொட்டு மைக்ரோ செட் என்றால் வகுக்கவே வேண்டாம், மணிக்கு எத்தனை மி.லி.யோ அதுவே நிமிடத்துக்குச் சொட்டு. 125 ÷ 3 = 41.67. நீண்ட கணக்கும் குறுக்கு வழியும் ஒரே விடை தந்தால் மட்டும் பாட்டிலைத் தொடுங்கள். தேர்வுத் தாளில் நீண்ட கணக்கைத்தான் எழுத வேண்டும். குறுக்கு வழி சரிபார்க்க மட்டும்.

## அறிகுறி 2: ஒரே ஆர்டர், பக்கத்தில் இருப்பவருக்கு 31, எனக்கு 42

இருவருமே கூட்டல் பெருக்கலில் தப்புச் செய்திருக்க மாட்டீர்கள். 31 எப்படி வந்தது என்று பாருங்கள்: 500 × 15 ÷ 240 = 31.25. அவர் 15 சொட்டு என்று எடுத்திருக்கிறார். வகுப்பில் போட்டுப் பழகிய பல கணக்குகள் 15 சொட்டு செட்டுக்கானவை. வார்டு ஸ்டோரில் இருந்து வரும் சாதாரண செட்டில் பெரும்பாலும் 20 தான் அச்சிட்டிருக்கும். நோட்டில் இருக்கும் 15 மனதில் பதிந்துபோய், கையில் இருக்கும் செட்டுக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். முதலாமாண்டில் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். தாளில் பார்த்தால் தெரியாது என்பதால் ஆபத்தும் இதில்தான் அதிகம்.

முதல் சோதனை. செட்டின் உறையைக் கிழித்தவுடன் குப்பையில் போடாதீர்கள். ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று அதில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும், சில செட்டுகளில் சொட்டறையின் மேலேயும் இருக்கும். அந்த எண்ணைப் படித்த பிறகே கணக்கில் கை வையுங்கள்.

உறை போய்விட்டதா? சொட்டறைக்குள் பாருங்கள். மைக்ரோ செட்டில் மேலிருந்து ஊசி போல ஒரு மெல்லிய உலோகக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், சொட்டு பொடிசாக விழும். சாதாரண செட்டில் அகலமான பிளாஸ்டிக் வாய்தான் இருக்கும். மைக்ரோவா சாதாரணமா என்பதை இப்படிப் பிரித்துவிடலாம். ஆனால் 15-ஆ 20-ஆ என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. அதே பெட்டியில் இருக்கும் இன்னொரு செட்டின் உறையைப் பாருங்கள். ஊகித்துப் போடாதீர்கள்.

ரத்தம் ஏற்றும் செட் என்றால் அதற்கும் தனியாக அதன் உறையையே பார்க்க வேண்டும். சலைனுக்குப் பார்த்த எண் அதற்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

குழந்தைகள் வார்டில் இதே பிழை வந்தால் விளைவு வேறு. மணிக்கு 30 மி.லி. ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோ செட்டில் நிமிடத்துக்கு 30 சொட்டு. அந்த 30-ஐ மனதில் வைத்துக்கொண்டு 20 சொட்டு செட்டில் ஓடவிட்டால் மணிக்கு 90 மி.லி. போகும், அதாவது மூன்று மடங்கு. சின்ன உடம்பு அதைத் தாங்காது. அதனால்தான் குழந்தைகளுக்கு அளவுக் குழலோடு வரும் ப்யூரட் செட் மாட்டி, ஒரு மணி நேரத்துக்கான அளவை, மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்கானதை மட்டும் அதில் இறக்கி, மேலே உள்ள க்ளாம்பை மூடி வைக்கிறார்கள். சொட்டு எண் தப்பினாலும் குழலில் உள்ளதற்கு மேல் போகாது. குழந்தைக்கான ட்ரிப்பில் முதலாமாண்டு மாணவி தனியாகச் சொட்டு வைக்கவே கூடாது. கணக்கைப் போட்டு எழுதி ஸ்டாஃப் நர்ஸிடம் காட்டுங்கள், அவர் வைக்கட்டும்.

## அறிகுறி 3: கணக்குப் போடவே முடியவில்லை, ஆர்டரில் ஏதோ ஒன்று இல்லை

கணக்குக்கு மூன்று எண் வேண்டும்: அளவு, நேரம், சொட்டு எண். மூன்றாவது செட்டில் இருக்கிறது. முதல் இரண்டும் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும்.

"பைண்ட்" என்று இருந்தால் நம் வார்டுகளில் அது ஒரு 500 மி.லி. பாட்டில். அளவைப் புத்தகத்தில் பைண்டுக்கு வேறு எண் பார்த்திருப்பீர்கள், அதை இங்கே கொண்டுவர வேண்டாம். பாட்டிலின் மேல் அச்சிட்ட மி.லி. எதுவோ அதுதான் கணக்குக்கு. மூன்று பைண்ட் 24 மணி நேரத்தில் என்றால் 1500 × 20 ÷ 1440 = 20.83, அதாவது 21 சொட்டு. ஒரு பாட்டிலுக்கு 8 மணி நேரம் என்று பிரித்துப் போட்டாலும் 500 × 20 ÷ 480 = 20.83 தான். இரண்டு வழியிலும் ஒரே விடை வராவிட்டால் மணியிலோ பாட்டில் எண்ணிக்கையிலோ பிழை இருக்கிறது.

மருந்து கலந்திருந்தால் கலந்த பிறகு உள்ள மொத்த அளவைப் போடுங்கள். 100 மி.லி. சலைனில் 10 மி.லி.யில் கரைத்த ஆன்டிபயாடிக்கைச் சேர்த்து அரை மணி நேரத்தில் என்றால் 110 × 20 ÷ 30 = 73. வெறும் 100 என்று போட்டால் 67 வரும், மருந்து முடியக் கூடுதலாக மூன்று நிமிடம் ஆகும். சின்ன பாட்டிலில் இது தெரியும். 500 மி.லி.யில் அவ்வளவாகத் தெரியாது.

நேரமே எழுதவில்லை என்றால், அல்லது நரம்பு அடைக்காமல் இருக்கும் அளவுக்கு மெதுவாக என்று மட்டும் எழுதியிருந்தால், உங்களிடம் கணக்கு இல்லை. நேற்று இதே நோயாளிக்கு எத்தனை மணி நேரத்தில் போனது என்று பார்த்து அதையே போடுவது தவறு. நேற்றைய உடம்பு வேறு, இன்றைய உடம்பு வேறு. "மேடம், இந்த பாட்டிலுக்கு எத்தனை மணி நேரம்னு ஷீட்ல இல்லை" என்று ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்லுங்கள். அவர் டியூட்டி டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குவார்.

## அறிகுறி 4: விடை பத்துக்கும் கீழே வருகிறது

ஒரு பைண்ட் 24 மணி நேரத்தில் என்றால் 500 × 20 ÷ 1440 = 6.94, அதாவது 7 சொட்டு. கணக்கு சரி. ஆனால் எட்டரை வினாடிக்கு ஒரு சொட்டு விழும்படி, சொட்டைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தை நிறுத்துவது கஷ்டம், நிறுத்தினாலும் நிற்காது. ஒரே ஒரு சொட்டு கூடினாலும் 14 சதவீதம் கூடிவிடும். அதே ஆர்டருக்கு மைக்ரோ செட் மாட்டினால் 500 × 60 ÷ 1440 = 21 சொட்டு. இதில் ஒரு சொட்டு தப்பினால் 5 சதவீதத்துக்குள் அடங்கும். எனவே விடை பத்துக்குக் கீழே போனால் செட்டை மாற்றலாமா என்று கேளுங்கள்.

மைக்ரோ செட்டிலும் பத்துக்குக் கீழே போகிறது, அல்லது பாட்டிலில் பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின், ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து, பிரசவ வலிக்கான ஆக்ஸிடோசின் இவற்றில் ஏதாவது இருக்கிறது என்றால் இந்தக் கட்டுரையின் எல்லை அங்கே முடிகிறது. அவற்றை இன்ஃபியூஷன் பம்ப்பில் வைத்து ஏற்றுவதுதான் பாதுகாப்பு. பம்ப் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதை டாக்டரும் ஸ்டாஃப் நர்ஸும் முடிவு செய்வார்கள். மாணவி அந்தச் சக்கரத்தைத் தொடக் கூடாது.

## அறிகுறி 5: எண்ணும்போது ஒவ்வொரு முறையும் வேறு எண்ணிக்கை வருகிறது

எண்ணத் தொடங்கும் விதம். வினாடி முள் 12-ஐத் தொடும்போது விழும் சொட்டை "ஒன்று" என்று எண்ணினால் ஒரு சொட்டு கூடிவிடும். அதைப் "பூஜ்யம்" என்று வைத்து அடுத்த சொட்டிலிருந்து ஒன்று, இரண்டு என்று போங்கள். 15 வினாடி எண்ணி 4-ஆல் பெருக்குபவர்களுக்கு இந்த ஒரு சொட்டு நாலு சொட்டாகிவிடும். 42-க்கு 15 வினாடியில் பத்தரை சொட்டு வேண்டும், அதை எண்ணவே முடியாது. 30 வினாடிக்கு 21 என்று எண்ணுங்கள். கடைசியில் ஒரு முறை முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

பார்க்கும் விதம். கடிகாரத்தைச் சொட்டறைக்குப் பக்கத்தில், ஒரே பார்வையில் இரண்டும் படும்படி பிடியுங்கள். கையில் கட்டிய கடிகாரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் இரண்டு சொட்டு விழுந்துவிடும்.

சொட்டறை நிரம்பியிருக்கிறதா? பாதிக்கு மேல் திரவம் நிற்கும்போது சொட்டு விழுவதே கண்ணுக்குத் தெரியாது, கோடு போல ஒழுகுவதாகத் தோன்றும். சக்கரத்தை மூடி, பாட்டிலை இறக்கித் தலைகீழாக்கி, சொட்டறையை லேசாக அழுத்தி மிச்சத்தைப் பாட்டிலுக்குள் திருப்பி அனுப்புங்கள். பிறகு மாட்டிச் சொட்டு வையுங்கள். சொட்டறையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை திரவம் இருப்பது சரியான அளவு.

எண்ணியது சரி, பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் குறைந்திருக்கிறதா? சக்கரத்தை அழுத்தி நிறுத்திய இடத்தில் பிளாஸ்டிக் குழாய் மெல்ல நசுங்கி இடம் கொடுக்கும், சொட்டு தானாக மாறும். புது செட்டில் இது சாதாரணம். மாட்டிய பிறகு கால் மணி நேரத்தில் ஒரு முறை, பிறகு மணிக்கு ஒரு முறை எண்ணுங்கள். குழாயின் அதே இடம் நசுங்கித் தட்டையாகிவிட்டால், சக்கரத்தைச் சற்று மேலேயோ கீழேயோ நகர்த்தி வேறு இடத்தில் வையுங்கள்.

## அறிகுறி 6: சொட்டு வைத்தாயிற்று, ஆனால் பாட்டில் பின்தங்குகிறது

இதைக் கண்டுபிடிக்கப் பாட்டிலில் நேரக்கோடு வேண்டும். ஒரு நீளப் பிளாஸ்டரைப் பாட்டிலின் அளவுக் கோடுகளுக்குப் பக்கத்தில் ஒட்டி, எத்தனை மணிக்கு எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். நம் ஆச்சிக்கு 11 மணிக்கு 375, 12 மணிக்கு 250, ஒரு மணிக்கு 125, இரண்டு மணிக்கு முடிவு. எழுதுவது பிளாஸ்டரின் மேல், பாட்டிலின் மேல் அல்ல.

இப்போது மணி 12. பாட்டிலில் 250 இருக்க வேண்டும், 300 கோட்டுக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 315 நிற்கிறது. சக்கரத்தைத் தொடுவதற்கு முன்னால் இந்த எண்ணையே கேள்வி கேளுங்கள். இரண்டு மணி நேரத்தில் போனது 500 - 315 = 185 மி.லி. அதை நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று திருப்பிப் போட்டால் 185 × 20 ÷ 120 = 30.8.

31 சொட்டு! 42 வைக்க வேண்டிய இடத்தில் தொடக்கத்திலிருந்தே 31 ஓடியிருக்கிறது. அறிகுறி 2-ல் பார்த்த அதே எண். யாரோ 15 சொட்டு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நோயாளியின் கையையோ வென்ஃப்ளானையோ குறை சொல்ல வேண்டியதில்லை, கேஸ் ஷீட்டில் எழுதிய சொட்டு எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பாட்டிலில் போன அளவிலிருந்து உண்மையான வேகத்தைத் திருப்பிக் கண்டுபிடிக்கும் இந்தக் கணக்குதான் பிழை நீக்கலில் உங்களுக்கு அதிகம் உதவும். திருப்பிப் போட்ட விடை 31 போல ஒரு தெரிந்த எண்ணாக வந்தால் பிழை தாளில். தெரியாத எண்ணாக வந்தால் பிழை படுக்கையில். அப்போது கீழே உள்ளதைப் பாருங்கள்.

கை, படுக்கை. ஆச்சி கையை மடக்கித் தலைக்கு அடியில் வைத்துப் படுத்திருக்கலாம், குழாய் உடம்புக்கு அடியில் மாட்டியிருக்கலாம். "ஆச்சி, கையைக் கொஞ்சம் நீட்டிக்கங்க" என்று சொல்லி நேராக்கிவிட்டு மறுபடி எண்ணுங்கள்.

உயரம். பாட்டில் நரம்பைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் மேலே தொங்க வேண்டும். ஸ்டாண்டு இறங்கியிருந்தாலோ, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியிருந்தாலோ, நோயாளி எழுந்து உட்கார்ந்தாலோ வேகம் குறையும். உயரத்தைச் சரிசெய்த பிறகு கட்டாயம் மீண்டும் எண்ணுங்கள், ஏனென்றால் இப்போது கூடியிருக்கும்.

காற்று வழி. தானாகச் சுருங்காத கெட்டியான பாட்டிலில் திரவம் இறங்க உள்ளே காற்று போக வேண்டும். செட்டின் மேல்பகுதியில் உள்ள சின்ன மூடியைத் திறக்க மறந்திருந்தால் முதலில் நன்றாக ஓடிப் போகப்போகத் தேங்கும். மூடியைத் திறந்தால் சரியாகிவிடும். பாட்டிலின் அடியில் ஊசியால் குத்திக் காற்று விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் துளை வழியே கிருமியும் போகும், நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

வென்ஃப்ளான் இருக்கும் இடம். இதை மேலே உள்ளவற்றுக்குப் பிறகு வைத்திருந்தாலும், கைக்குப் போனவுடன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இடம் வீங்கி, குளிர்ந்து, தோல் இழுபட்டதுபோல் இருந்தால் திரவம் நரம்புக்கு வெளியே போகிறது. சிவந்து, சூடாக, தொட்டால் வலித்தால் நரம்பு புண்ணாகியிருக்கிறது. இரண்டிலும் சக்கரத்தை மூடிவிட்டு ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிடுங்கள். வேகம் குறைந்துவிட்டதே என்று சக்கரத்தை இன்னும் திறப்பது வீக்கத்தைப் பெரிதாக்கும். அடைத்துக்கொண்டது என்று சிரிஞ்சால் அழுத்தித் தள்ளவும் கூடாது, உறைந்த ரத்தக் கட்டி உள்ளே போய்விடும். வென்ஃப்ளானை மாற்ற வேண்டுமா என்பது ஸ்டாஃப் நர்ஸின் முடிவு.

சொட்டின் அளவே மாறுகிறதா? 20 சொட்டு ஒரு மி.லி. என்பது காய்ச்சி வடித்த நீரை வைத்துச் சொன்ன எண், அதிலும் ஒரு மி.லி.க்கு 0.1 மி.லி. இப்படி அப்படி இருக்கலாம் என்று தரநிர்ணயமே இடம் கொடுக்கிறது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் போன்ற கெட்டியான திரவத்தில் சொட்டின் அளவு இன்னும் மாறலாம். ஆகவே எண்ணிக்கை சரியாக இருந்தும் நாலு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பின் ஆவது இயல்பு. எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் பாட்டிலின் மட்டத்தைப் பார்ப்பது இதற்காகத்தான்.

காரணம் தெரிந்துவிட்டது. மீதியை எப்படி ஏற்றுவது? மிச்சம் 315 மி.லி., மிச்ச நேரம் 120 நிமிடம். இரண்டு மணிக்கே முடிக்க வேண்டுமானால் 315 × 20 ÷ 120 = 52.5, அதாவது 53 சொட்டு. இது 42-ஐவிடக் கால் பங்குக்கும் சற்று அதிகம். கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டி வந்தால் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது என்றுதான் பொதுவாகக் கற்றுத்தருகிறார்கள். முதலாமாண்டு மாணவி அந்த அளவுக்குள்ளும் தானாகக் கூட்டக் கூடாது. ஆர்டரில் சொன்ன 42-ஐயே வைத்தால் 315 மி.லி. போக 150 நிமிடம் ஆகும், 2.30-க்கு முடியும். 68 வயதில் இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் அந்த அரை மணி நேரத் தாமதம் தேவலை. இரண்டு கணக்கையும் ஒரு தாளில் எழுதி ஸ்டாஃப் நர்ஸிடம் கொடுங்கள்: "12 மணிக்கு 315 மிச்சம் இருக்கு மேடம். 42-லயே விட்டா 2.30 ஆகும், 2 மணிக்கே முடிக்கணும்னா 53 வைக்கணும்." எது என்று அவர்கள் சொல்வார்கள்.

## அறிகுறி 7: பாட்டில் முந்திக்கொண்டு காலியாகிறது

இங்கே வரிசை மாறுகிறது. முதலில் நோயாளி, பிறகுதான் காரணம்.

12 மணிக்கு 250 இருக்க வேண்டிய பாட்டிலில் 130 தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தை உடனே குறையுங்கள், முழுக்க மூடினால் வென்ஃப்ளான் அடைத்துக்கொள்ளும் என்பதால் மெல்லச் சொட்டும்படி விட்டுவைத்து, நோயாளியைப் பாருங்கள். மூச்சு வாங்குகிறதா, புதிதாக இருமல் வந்திருக்கிறதா, படுக்க முடியாமல் எழுந்து உட்காரப் பார்க்கிறாரா, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டு, அங்கிருந்து நகராமல் குரல் கொடுத்து ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிடுங்கள். இது டாக்டர் உடனே வர வேண்டிய நிலை. ஒன்றும் இல்லை என்றாலும் நாடி, மூச்சு எண்ணிக்கை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்து எழுதிவிட்டு அப்போதே போய்ச் சொல்ல வேண்டும்.

பிறகு திருப்பிக் கணக்குப் போடுங்கள். போனது 370 மி.லி., 370 × 20 ÷ 120 = 61.7. வகுப்புக் கணக்குகளில் வரும் எண் எதனோடும் இது ஒட்டவில்லை, ஆகவே பிழை படுக்கைப் பக்கம்.

பெரும்பாலும் அட்டெண்டர்தான் காரணம். பாட்டில் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம், கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று சக்கரத்தைக் கொஞ்சம் திறந்துவிடுவார்கள். அதட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள். "ஆச்சி, இந்தச் சக்கரத்தை யாராவது தொட்டாங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டால், "சீக்கிரம் ஏறட்டும்னு நாந்தான் தாயி திறந்துவிட்டேன்" என்று மருமகளோ மகளோ சொல்லிவிடுவார்கள். வேகமாக ஏறினால் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டும் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள், பாட்டில் எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் சொல்லுங்கள். நேரம் தெரிந்தவர்கள் சக்கரத்தைத் தொடுவது குறைவு.

யாரும் தொடவில்லை என்றால், மடங்கியிருந்த கையை நீட்டியதாலோ, உட்கார்ந்திருந்தவர் படுத்ததாலோ, கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கியதாலோ ஓட்டம் கூடியிருக்கலாம். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தவர், ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரும்பியவர் எல்லோருக்கும் திரும்பி வந்தவுடன் ஒரு முறை எண்ண வேண்டும். சக்கரம் தளர்ந்து, வைத்த இடத்தில் நிற்காமல் உருண்டால் செட்டையே மாற்ற வேண்டும். பிளாஸ்டர் ஒட்டி அதை நிறுத்தப் பார்க்காதீர்கள்.

மிச்ச 130 மி.லி.யை மிச்ச இரண்டு மணி நேரத்துக்குப் பரப்பினால் 130 × 20 ÷ 120 = 21.67, அதாவது 22 சொட்டு. இதையும் நீங்களே வைத்துவிடாதீர்கள். அடுத்த பாட்டில் தேவையா, இதை நிறுத்திவிடலாமா என்று டாக்டர் மாற்றிச் சொல்லக்கூடும். கேஸ் ஷீட்டில் எத்தனை மணிக்கு எவ்வளவு மிச்சம் இருந்தது, யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்று எழுதுங்கள். இரண்டு மணிக்கு முடிய வேண்டிய பாட்டில் இரண்டுக்கே முடிந்ததுபோல எழுதி வைத்தால், அன்று இரவு உட்கொண்டதையும் வெளியேறியதையும் கூட்டிப் பார்க்கும் நர்ஸுக்கு, ஆச்சியின் கால் ஏன் வீங்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

## அறிகுறி 8: சொட்டு அடியோடு நின்றுவிட்டது

பாட்டில் காலியா, சக்கரம் மூடியிருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா, காற்று மூடி திறந்திருக்கிறதா என்று மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வாருங்கள். நாலும் சரியாக இருந்து, வென்ஃப்ளான் இருக்கும் இடமும் வீங்காமல் இருந்தால், பாட்டிலை நரம்பு மட்டத்துக்குக் கீழே ஒரு கணம் இறக்கிப் பாருங்கள். குழாயில் ரத்தம் ஏறி வந்தால் நரம்பு திறந்திருக்கிறது என்று பொதுவாகச் சொல்லலாம். மேலே மாட்டிச் சொட்டு வையுங்கள். ரத்தம் வரவில்லை என்றால் அடைப்போ நரம்பு விட்டுப்போனதோ இருக்கலாம், ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிடுங்கள். பாட்டில் தீர்ந்து குழாயில் காற்று இறங்கியிருந்தால் வென்ஃப்ளான் பக்கம் உள்ள க்ளாம்பை மூடிவிட்டுக் கூப்பிடுங்கள், புதுப் பாட்டிலை அப்படியே மாட்டி ஓடவிடாதீர்கள்.